மூன்று நாளா, நான்கு நாளா? நாகர்கோவிலில் ஒரு வாடகைக் கார் பில்லைப் பிரித்துப் பார்த்தல்

செல்ப் டிரைவ் கார் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும்போது வரும் தகராறில் பெரும்பகுதி வாடகை ரேட்டில் வருவதில்லை. ரேட்டைப் பேசித்தான் வண்டியை எடுக்கிறோம். "ஒரு நாள்" என்றால் என்ன, "ஒரு கட்டம் பெட்ரோல்" என்றால் எத்தனை லிட்டர் என்ற இரண்டையும் யாரும் பேசுவதில்லை. பில் வீங்குவது அங்கேதான். அதை ஒரே பில்லை வைத்து முழுதாகப் பார்க்கலாம். கணக்கு விளங்குவதற்காக அமைத்த மாதிரி பில் இது. தொகைகள் கடைக்குக் கடை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ஊரில் கல்யாணத்துக்காக சென்னையிலிருந்து வந்த குடும்பம். தங்கியது மார்த்தாண்டத்தில் உறவினர் வீட்டில். நாகர்கோவிலில் ஒரு கடையில் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்தார்கள். டேங்க் 37 லிட்டர். அக்ரிமெண்டில் இருந்தவை இவ்வளவுதான்:

24 மணி நேரத்துக்கு வாடகை 2,000 ரூபாய், 200 கிலோமீட்டர் லிமிட். லிமிட்டுக்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய். தாமதத்துக்கு மணிக்கு 150 ரூபாய், 5 மணி நேரம் தாண்டினால் ஒரு நாள் வாடகை. எடுத்த அளவுக்குப் பெட்ரோல் நிரப்பித் தர வேண்டும், இல்லையென்றால் பங்க் விலையும் 200 ரூபாய் நிரப்புக் கூலியும். மூன்று நாளுக்கான 6,000 முன்பணமாகவும், 5,000 டெபாசிட்டாகவும் கட்டியாயிற்று.

வண்டி திரும்பியது திங்கள் மதியம் 12.40-க்கு. கடை கொடுத்த பில்:

வாடகை, 4 நாள் × 2,000 = 8,000
எக்ஸ்ட்ரா கிலோமீட்டர், 112 × 9 = 1,008
பெட்ரோல், 10 லிட்டர் × 110 = 1,100
நிரப்புக் கூலி = 200
மொத்தம் = 10,308

முன்பணம் 6,000 போக மீதி 4,308. அதை டெபாசிட்டில் கழித்துக்கொண்டு கடைக்காரர் 692 ரூபாயை நீட்டினார். ரயிலுக்கு நேரமாகிவிட்ட குடும்பம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். பெரும்பாலான தகராறு அங்கேயே முடிந்தும் போகும். டெபாசிட் கடையின் கையில் இருக்கிறது, ரயில் நம் கையில் இல்லை.

ரீடிங் சரியா

முதலில் சந்தேகம் வருவது கிலோமீட்டரில்தான். ஆனால் இந்தப் பில்லில் அது மட்டும்தான் சுத்தமாக இருக்கிறது. எடுக்கும்போது ரீடிங் 48,316, திருப்பும்போது 49,028. வித்தியாசம் 712.

712 கிலோமீட்டர் ஓடியிருக்க முடியுமா என்று பார்க்க, ஓடிய ஊர்களை வரிசையாக எழுதி மேப்பில் கூட்டிப் பார்த்தால் போதும். வெள்ளிக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, பிறகு மார்த்தாண்டம், மாலையில் குளச்சல் போய் வந்தது எல்லாம் சேர்ந்து 128. சனிக்கிழமை அஞ்சுகிராமம், கூடங்குளம், உவரி வழியாகத் திருச்செந்தூர், வழியில் மணப்பாடு, திரும்ப மார்த்தாண்டம்: 284. ஞாயிறன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒருவரை அழைத்து வந்து, அன்றே கன்னியாகுமரியில் சாயங்காலம் பார்த்துத் திரும்பியது 214. திங்கள் காலை கல்யாண வீட்டு அலைச்சலும் நாகர்கோவில் வந்ததும் 86. கூட்டினால் 712.

மேப் காட்டும் தூரத்தைவிட வண்டியின் ரீடிங் இரண்டு, மூன்று சதவீதம் கூடுதலாக இருந்தால் மலைக்க வேண்டாம். டயர் தேய்ந்தால் சக்கரத்தின் சுற்றளவு குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதல் தடவை சுற்றுகிறது, மீட்டர் அதையே எண்ணுகிறது. புது டயரில் 8 மில்லிமீட்டர் இருந்த பட்டன், மாற்ற வேண்டிய 1.6 வரை தேய்ந்தால்கூட வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான். 712-க்கு அது பதினைந்து கிலோமீட்டர் அளவு. அதற்காகக் கடையில் நின்று சண்டை போடுவது வீண். பத்து சதவீதம் போல வித்தியாசம் வந்தால்தான், எடுக்கும்போது எழுதிய ரீடிங் சரியா என்று பார்க்க வேண்டும். வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தரும் கடைகளில் இது அதிகம் நடக்கும். கடையிலிருந்து கிளம்பும்போது எடுத்த ரீடிங்கை எழுதிவிட்டு, நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை ஓட்டிவந்த முப்பது சொச்சம் கிலோமீட்டரையும் நம் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். டெலிவரிக்குத் தனிக் காசு வாங்கியிருந்தால் அந்த ஓட்டத்தை நம் லிமிட்டில் கழிப்பது இரட்டை வசூல்.

ஒரே பில்லில் இரண்டு விதமான நாள்

கோளாறு முதல் இரண்டு வரிகளில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதல் வரி வாடகையை நான்கு நாளுக்குப் போடுகிறது. இரண்டாவது வரியில் 712-லிருந்து 600 கழிக்கப்பட்டு 112 வந்திருக்கிறது. 600 என்பது மூன்று நாள் லிமிட். ஆக, காசு வாங்கும்போது நாள் நான்கு, கிலோமீட்டர் கொடுக்கும்போது நாள் மூன்று. நான்காம் நாளின் 2,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, அந்த 2,000-க்குள் அடங்கிய 200 கிலோமீட்டரைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். நான்கு நாள் என்றால் லிமிட் 800, ஓடியது 712, எக்ஸ்ட்ரா பூஜ்யம். 1,008 ரூபாய் வரி அப்படியே விழுந்துவிடும்.

கேட்டால் கடைக்காரர் சொல்லும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நாலு தேதி ஆச்சுல்லா அண்ணாச்சி?" தேதிக் கணக்கு என்று ஒன்று உண்டுதான். டிரைவரோடு எடுக்கும் டாக்சியில் நள்ளிரவு 12-க்கு நாள் மாறும் என்று பேசியே எடுப்பார்கள். ஆனால் இந்த அக்ரிமெண்டில் எழுதியிருப்பது "24 மணி நேரம்". வெள்ளி காலை 10-க்கு ஆரம்பித்த முதல் நாள் சனி காலை 10-க்கு முடிகிறது. மூன்றாம் நாள் முடிவது திங்கள் காலை 10-க்கு. அதற்கு மேல் 2 மணி 40 நிமிடம் தாமதம். அதற்குத்தான் மணிக்கு 150 என்று எழுதியிருக்கிறது. 2.40-ஐ மூன்று மணியாக முழுமைப்படுத்துவது வழக்கம், அதில் வாதாட ஒன்றுமில்லை. 450 ரூபாய்.

இப்போது இரண்டு வழியையும் முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். அக்ரிமெண்ட்படி மூன்று நாள் 6,000, தாமதம் 450, எக்ஸ்ட்ரா 112 கிலோமீட்டருக்கு 1,008. மொத்தம் 7,458. அதை விட்டு நான்கு நாள் கணக்கே என்றால் வாடகை 8,000, எக்ஸ்ட்ரா இல்லை, மொத்தம் 8,000. கடை போட்ட 9,008 இந்த இரண்டில் எந்த வழியிலும் வராது. கடைக்காரரிடம் காட்ட வேண்டியது இதைத்தான். "அதிகமாகப் போட்டுவிட்டீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு வளரும். "நாலு நாள்னா எண்ணூறு கிலோமீட்டர் வரும், மூணு நாள்னா நாலாவது ரெண்டாயிரம் வராது, எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றால் பேச்சு சுருங்கும்.

கடைப் பக்கத்தில் சொல்லக்கூடிய ஒரு வாதம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். "லிமிட் என்பது புக் செய்த நாளுக்குத்தான். சொல்லாமல் வைத்திருந்தது அபராதம், அதற்குக் கிலோமீட்டர் கிடையாது." அடுத்த வாடிக்கையாளர் பத்து மணிக்கு அந்த வண்டிக்காகக் காத்திருந்தால் கடைக்கு நஷ்டம் உண்மையானது, இந்த வாதத்தில் சத்தும் உண்டு. ஆனால் அப்போது அது அபராதமாக எழுதப்பட வேண்டும், அக்ரிமெண்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். இந்த அக்ரிமெண்ட் அந்த அபராதத்தை மணிக்கு 150 என்று முன்னமே சொல்லிவிட்டது. வாடகை என்ற பெயரில் முழு நாளை வாங்கினால், வாடகையோடு வரும் கிலோமீட்டரும் கூடவே வந்தாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கணக்கும் புழங்குகிறது. வண்டியில் ஜிபிஎஸ் டிராக்கர் இருப்பதால் எந்தத் தேதியில் எவ்வளவு ஓடியது என்று கடைக்குத் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக 200-ஐக் கழிப்பார்கள். சனிக்கிழமை 284 ஓடியதால் 84 எக்ஸ்ட்ரா, ஞாயிறு 14 எக்ஸ்ட்ரா. வெள்ளிக்கிழமை ஓடாமல் விட்ட 72 கிலோமீட்டர் யாருக்கும் இல்லாமல் போய்விடும். "ஒரு நாளைக்கு 200" என்ற ஒரே வாக்கியத்தை இப்படியும் படிக்கலாம், மொத்தமாகக் கூட்டியும் படிக்கலாம். ஊருக்குள் ஒரு நாள், வெளியூருக்கு ஒரு நாள் என்று ஓட்டுபவர்களுக்கு இது நேரடியாக அடிக்கும். மார்த்தாண்டத்திலிருந்து திருச்செந்தூர் போய் வருவதே இருநூறைத் தாண்டிவிடும். வண்டி எடுக்கும்போதே அக்ரிமெண்டில் "3 நாளுக்குச் சேர்த்து 600 கி.மீ." என்று கையால் எழுதச் சொன்னால் இந்தச் சிக்கல் இல்லை. அநேகக் கடைகள் மறுப்பதில்லை, கேட்பவர்தான் குறைவு.

நான்காம் நாளை எப்போது வாங்கலாம்

இதே எண்களில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிறு இரவே "திங்களும் எங்களுக்கு வேண்டும்" என்று போன் செய்து நான்காம் நாளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் லாபமா?

நான்காம் நாளுக்கு 2,000. வாங்காவிட்டால் தாமதம் 450, மேலும் எக்ஸ்ட்ரா கிலோமீட்டருக்குத் தலா 9. இரண்டும் சமமாகும் இடம்: 2,000-லிருந்து 450 போக 1,550, அதை 9-ஆல் வகுத்தால் 172. மூன்று நாள் லிமிட்டுக்கு மேல் 172 கிலோமீட்டருக்குள் ஓடினால் தாமதக் கட்டணத்தோடு திருப்பித் தருவது மலிவு. அதைத் தாண்டினால் நான்காம் நாளை வாங்குவது மலிவு. இந்தக் குடும்பம் 112 மட்டுமே கூடுதலாக ஓடியதால் முதல் வழியே சரி, 542 ரூபாய் மிச்சம்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. நாள் வாடகையைக் கிலோமீட்டராகப் பிரித்தால் 2,000-க்கு 200, அதாவது கிலோமீட்டருக்கு 10. எக்ஸ்ட்ராவோ 9. எக்ஸ்ட்ரா என்றதும் பயந்து கூடுதல் நாள் எடுப்பவர்கள் இந்த வண்டியில் நஷ்டப்படுவார்கள். எக்ஸ்ட்ரா ரேட் 12, 14 என்று உயரும் பெரிய வண்டிகளில் கணக்கு தலைகீழாகலாம். எனவே ரேட் கார்டைப் பார்க்கும்போது வாடகையைத் தனியாகப் பார்க்காமல், லிமிட்டால் வகுத்து எக்ஸ்ட்ரா ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தாமதம் எப்படி வந்தது என்பதும் சொல்ல வேண்டியதே. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். வெளியூர்க்காரர்கள் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று மனதில் போட்டுக்கொள்வார்கள். முகூர்த்த நாளில் தக்கலையைத் தாண்டவே அந்த நேரம் போய்விடும். பத்து மணிக்கு வண்டியை விட வேண்டுமென்றால் எட்டு மணிக்கே புறப்பட வேண்டும், பங்கில் நிற்கும் நேரம் தனி.

ஒரு கட்டத்தில் எத்தனை லிட்டர்

பெட்ரோல் வரிதான் பில்லில் மிகச் சுவாரசியமானது. எடுக்கும்போது மீட்டரில் எட்டுக் கட்டத்தில் ஐந்து எரிந்தது. திருப்பும்போது நான்கு. ஒரு கட்டம் குறைவு, அதற்குக் கடை போட்டது பத்து லிட்டர்.

ஒரு கட்டம் பத்து லிட்டர் என்றால் எட்டுக் கட்டத்துக்கு எண்பது லிட்டர். அந்தக் காரின் டேங்க் 37. எட்டால் வகுத்தால் ஒரு கட்டம் சுமார் 4.6 லிட்டர். இந்த ஒரு வகுத்தலிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டேங்க் அளவு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும்.

ஆனால் வாடிக்கையாளரும் "ஒரு கட்டம், 4.6 லிட்டர், முடிந்தது" என்று சாதிக்க முடியாது. கட்ட மீட்டர் படிப்படியாகத்தான் இறங்கும். ஐந்து எரியும்போது டேங்கில் ஐந்தாம் கட்டம் நிரம்ப இருந்திருக்கலாம், அணையும் தறுவாயிலும் இருந்திருக்கலாம். திரும்பும்போது எரிந்த நான்காவதும் அப்படியே. ஆகவே உண்மையான குறைவு பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம், இரண்டு கட்டத்தை ஒட்டி 9 லிட்டருக்கு மேலும் இருக்கலாம். இவ்வளவு அகலமான இடைவெளிக்குள் யார் முதலில் எண்ணைச் சொல்கிறாரோ அவர் சொன்னதே நிற்கும். கடைக்காரர் முதலில் சொல்வது அதனால்தான்.

போதாக்குறைக்குக் கட்டங்கள் சம அளவும் இல்லை. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் இறங்க அது இறங்கும், அதன் கைப்பிடி சாய்வதை மீட்டர் படிக்கும். டேங்க் நேர்ப் பெட்டியாக இல்லாமல் வளைந்தும் மடிந்தும் இருப்பதால் ஒரே உயரத்துக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு பெட்ரோல் நிற்கும். மிதவை மேல்முட்டில் இடித்து நிற்கும் வரை மீட்டர் ஃபுல் என்றே காட்டும். டேங்க் நிரப்பி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடியும் ஒரு கட்டம்கூட இறங்காத வண்டிகள் நிறைய. நடுக் கட்டங்கள் ஓரளவு நம்பத்தக்கவை. நம் கணக்கு ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பது நல்லதாயிற்று.

இடைவெளியைச் சுருக்க இரண்டாவது கணக்கு ஒன்று வேண்டும், அது பங்க் பில்லில் கிடைக்கும். வழியில் இரண்டு தடவை பெட்ரோல் போட்டார்கள், 20 லிட்டரும் 18 லிட்டரும், மொத்தம் 38. ஓடியது 712. வண்டி லிட்டருக்கு 17 கொடுத்திருந்தால் எரிந்தது 41.9 லிட்டர், போட்டது 38, குறைவு சுமார் 4 லிட்டர். மைலேஜ் 18 என்றால் குறைவு 1.6, 16 என்றால் 6.5. ஏசி போட்டுத் தக்கலை நெரிசலில் ஊர்ந்ததையும், கடற்கரைச் சாலையில் சீராக ஓடியதையும் சேர்த்தால் இந்த வீச்சுக்குள்தான் நிற்கும். பத்து லிட்டர் குறைவு என்றால் 48 லிட்டர் எரிந்திருக்க வேண்டும், மைலேஜ் 15-க்குக் கீழே. மைலேஜ் அளவில் அதை நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. கட்டக் கணக்கு அதை ஒப்பவில்லை என்பதுதான் முக்கியம். கட்டக் கணக்கு 4.6 என்கிறது, ஓட்டக் கணக்கு 4 என்கிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகள் ஒரே இடத்துக்கு வருகின்றன. கடைக்குச் சாதகமாக முழுமைப்படுத்தினால் 5 லிட்டர்.

விலையிலும் ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது. அக்ரிமெண்டில் இருப்பது பங்க் விலை. அன்றைய விலை 102 என்று வைத்துக்கொண்டால் 110 என்று போட இடமில்லை. நிரப்பும் சிரமத்துக்குத்தான் 200 கூலி தனியாக எழுதியிருக்கிறது. அந்த 200 செல்லும், எழுதி ஒப்புக்கொண்டது. லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் செல்லாது. 5 × 102 = 510, கூலி 200, ஆக 710.

டிஸ்ப்ளேயில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று காட்டும் எண்ணைப் படமெடுத்துச் சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. அது பெட்ரோல் அளவு அல்ல. கடைசியாக ஓடிய பகுதியின் மைலேஜை வைத்து வண்டி போடும் ஊகம். நெடுஞ்சாலையில் ஓடி வந்தால் ஏறியிருக்கும், நெரிசலில் வந்தால் இறங்கியிருக்கும். அதே ஐந்து கட்டத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட மாறிக் காட்டலாம். இரு தரப்பும் அதை விட்டுவிடுவது நல்லது.

நிரப்பித் திருப்புவது எப்படி

கூலி 200-ஐத் தவிர்க்க, கடைக்குப் பக்கத்துப் பங்கில் போட்டுவிட்டு வருவதே வழி. அதிலும் ஒரு தந்திரம் தேவை. ஐந்தாம் கட்டம் எரியும் வரை ஐந்நூறு, ஐந்நூறாகப் போட்டுக்கொண்டிருந்தால் கூடுதலாகப் போய்விடும், ஏனென்றால் மீட்டர் உடனே ஏறாது. வண்டி குலுங்கும்போது மிதவை ஆடுவதை மறைக்க மீட்டரை வேண்டுமென்றே மந்தமாக வைத்திருப்பார்கள். குறைந்தது ஒரு கட்ட அளவு, இங்கே ஐந்து லிட்டர், போட்டுவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டு, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். சரிவில் நின்று பார்த்தால் ஒரு கட்டம் கூடவோ குறையவோ காட்டும். கடை வாசல் சாய்வாக இருந்தால் எடுக்கும்போதும் திருப்பும்போதும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்திப் படமெடுக்கலாம். இரண்டு பிழையும் ஒன்றாகிவிடும்.

ஃபுல் டேங்க் கொடுத்து ஃபுல் டேங்க் வாங்கும் கடை கிடைத்தால் அது எல்லாவற்றையும் விட மேல். பங்கில் நாசில் தானாக நிற்கும் இடம்தான் அங்கே அளவு, கட்டத்தை எண்ண வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன ஃபுல் மயக்கம் அங்கேதான் வேலை செய்யும். முந்தைய ஆள் டேங்க் நிரப்பி நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து விட்டிருப்பார், மீட்டர் ஃபுல் காட்டும், நமக்கு இரண்டு, மூன்று லிட்டர் குறைவாகவே கிடைத்திருக்கும். நாமோ நாசில் நிற்கும் வரை நிரப்பித் திருப்புவோம். சந்தேகம் இருந்தால் எடுத்தவுடன் முதல் பங்கில் நிறுத்தி நாசில் நிற்கும் வரை போட்டு, எத்தனை லிட்டர் இறங்கியது என்று பில் வாங்கி, படத்தைக் கடை எண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும். நாசில் நின்ற பிறகு "ரவுண்டாப் போடுங்க" என்று சொல்வது வேண்டாம். அது அளவையும் கெடுக்கும், வண்டிக்கும் நல்லதில்லை.

சரியான பில்

வாடகை, 3 நாள் = 6,000
தாமதம், 3 மணி × 150 = 450
எக்ஸ்ட்ரா, 112 × 9 = 1,008
பெட்ரோல், 5 × 102 = 510
நிரப்புக் கூலி = 200
மொத்தம் = 8,168

முன்பணம் 6,000 போக 2,168. டெபாசிட்டில் திரும்ப வேண்டியது 2,832. கொடுத்தது 692. வித்தியாசம் 2,140, ஒரு நாள் வாடகைக்கு மேல்.

தாமதமான மூன்று மணி நேரத்துக்கும் கிலோமீட்டர் உண்டா என்று கேட்கலாம். 200-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு எட்டுச் சொச்சம், மூன்று மணிக்கு 25, அதாவது 225 ரூபாய். சில கடைகள் கொடுக்கும். அக்ரிமெண்டில் இல்லாததால் இந்தப் பில்லில் அதைக் கழிக்கவில்லை. பேரம் பேசும்போது விட்டுக்கொடுக்க ஒன்று கையில் இருப்பது நல்லதுதானே.

நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுப் பேசவும்

மேலே சொன்ன கணக்கு எல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. செல்ப் டிரைவ் வாடகைக்கு முறைப்படி விடும் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு ஓடும் டாக்சி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஊரில் தெரிந்தவர் மூலம் கிடைக்கும் மலிவு வண்டி பெரும்பாலும் வெள்ளைப் பலகைதான். அதில் அக்ரிமெண்டும் இருக்காது, பில்லும் இருக்காது, துண்டுத் தாளில் நான்கு எண் இருக்கும். விபத்து நடந்தால் வாடகைக்கு விட்டதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின் கீழ் வரும். இரண்டாயிரம் ரூபாய் பில் தகராறெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். திருவனந்தபுரம் விமான நிலையம் போவது இங்கே அன்றாடக் காரியம் என்பதால் யாரும் அதை வெளிமாநிலப் பயணமாக நினைப்பதில்லை. வாடகை வண்டிக்கு அது வெளிமாநிலம்தான். பெர்மிட்டும் வரியும் கேரளத்துக்கு உண்டா, இல்லாமல் போய் அபராதம் விழுந்தால் யார் தலையில் என்பதை எடுக்கும்போதே அக்ரிமெண்டில் எழுதி வாங்க வேண்டும். எழுதாவிட்டால் டிராக்கர் எல்லையைத் தாண்டியதைக் காட்டி, பில்லில் ஐந்தாவதாக ஒரு வரி முளைக்கும்.

காசு திரும்பாவிட்டால்

முதலில் கடைக்கு வாட்ஸாப்பில் எழுத்தில் அனுப்ப வேண்டும், போனில் பேசுவது பதிவாகாது. இரண்டு ரீடிங் படம், இரண்டு மீட்டர் படம், அக்ரிமெண்ட், பங்க் பில்கள், கூடவே இரண்டே கேள்வி: வாடகைக்கு எத்தனை நாள், லிமிட்டுக்கு எத்தனை நாள்? ஒரு கட்டத்துக்கு எத்தனை லிட்டர் போட்டீர்கள்? பெரும்பாலும் இதிலேயே பாதியாவது திரும்பும்.

திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டியதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு உதவும் ஒன்று 2019 சட்டத்தில் இருக்கிறது: புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சென்னைக் குடும்பம் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம், நாகர்கோவில் கடைதான் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டும். 2,140 ரூபாய்க்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்பது கடைக்கும் தெரியும், அதனால் முதல் செய்தியிலேயே இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்.